ஊட்டியிலிருந்து இறங்கும்போது கால் எங்கே இருக்க வேண்டும்?

"பத்து வருஷமா கார் ஓட்டுறேன். ஆனா எல்லாமே சென்னை–திருச்சி, சென்னை–பெங்களூரு மாதிரி ஹைவேதான். அடுத்த மாசம் குடும்பத்தோட முதல் தடவையா ஊட்டிக்கு கார்ல போறோம். கொண்டை ஊசி வளைவுல ஏத்தறது கஷ்டம்னு எல்லாரும் சொல்றாங்க. மலைப்பாதைல எதைக் கத்துக்கிட்டுப் போகணும்?"

ஏறுவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஏற்றத்தில் தப்பு செய்தால் பெரும்பாலும் வண்டி ஆஃப் ஆகும், பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிப்பார், மறுபடி ஸ்டார்ட் செய்து போய்விடுவீர்கள். இறக்கத்தில் செய்கிற தப்பு உடனே தெரியாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை எல்லாம் நன்றாகப் போவது போலவே இருக்கும். அதனால் நான் சொல்வதில் பெரும்பகுதி இறக்கத்தைப் பற்றித்தான் இருக்கும்.

எனக்கு ஊர் மேட்டுப்பாளையம். இருபது வருடமாக வாரத்தில் ஒரு தடவையாவது குன்னூர் பக்கமோ கோத்தகிரி பக்கமோ ஏறி இறங்குகிறேன். சமவெளியிலிருந்து வருகிற வண்டிகளைப் பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இறக்கம் முழுக்க பிரேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

அது ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இந்த 1,500 மீட்டர் உயரத்தையும் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் சாலையில் இறங்கித் தீர்க்க வேண்டும். கோத்தகிரி வழியும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஹைவேயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காரை பிரேக் அடித்து முழுசாக நிறுத்தினால் எவ்வளவு சூடு உண்டாகுமோ, அதைப் போல 38 மடங்கு சக்தி இந்த இறக்கத்தில் வெளியே வருகிறது. வண்டி சின்னதோ பெரியதோ, இந்த 38 மாறாது. டயர் உருள்வதிலும் காற்றைத் தள்ளுவதிலும் கால் பங்கு போனாலும், கிட்டத்தட்ட 28 தடவை நிறுத்துகிற சூடு மிச்சம் இருக்கிறது. அதை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். பிரேக் வாங்கலாம், இல்லையென்றால் என்ஜின் வாங்கலாம். ஹைவேயில் பிரேக்குக்கு இப்படி ஒரு வேலை வந்ததே இல்லை. ஒரு தடவை அழுத்தினால் அடுத்த தடவைக்குள் காற்றுப் பட்டு ஆறிவிடும். மலையில் ஒரு மணி நேரம் விடாமல் சூடேறும், வேகமும் குறைவு என்பதால் காற்றும் போதாது.

ஆகவே வேகத்தைப் பிடித்து வைக்கிற வேலையை கியருக்குக் கொடுங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "ஏறின கியர்லயே இறங்கு" என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்கள். அது நல்ல ஆரம்பம். ஆனால் இப்போதைய டர்போ டீசல் வண்டி மூன்றாவது கியரிலேயே அனாயாசமாக ஏறிவிடும், அதே மூன்றில் இறங்கினால் பிடிப்பு போதாது. நான் சொல்லும் சோதனை இதுதான்: நேரான இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டர், பிரேக், கிளட்ச் எல்லாவற்றிலிருந்தும் காலை எடுத்துவிடுங்கள். வண்டி ஒரு வேகத்தில் நின்று அப்படியே போனால் கியர் சரி. வேகம் ஏறிக்கொண்டே போனால், பிரேக் அடித்து வேகத்தைக் குறைத்து ஒரு கியர் இறக்குங்கள். இந்தப் பாதையில் பெரும்பாலான சின்ன கார்களுக்கு அது இரண்டாவது கியராக அமையும், வேகம் 25லிருந்து 30 வரை இருக்கும். என்ஜின் இந்த வேகத்தில் நீங்கள் வழக்கமாகக் கேட்டதைவிடச் சத்தம் போடும். மீட்டரில் முள்ளும் மேலே ஏறும். பயந்து கியரை ஏற்றிவிடாதீர்கள். சிவப்புக் கோட்டுக்கு அது இன்னும் ரொம்ப தூரம், என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

கியரே பிடித்து வைத்தாலும் சில இடங்களில் வேகம் கூடத்தான் செய்யும். அப்போது பெடல் மேல் காலை மெதுவாக வைத்துக்கொண்டே போகக் கூடாது. வேகம் 35 ஆகும்வரை விடுங்கள், பிறகு மூன்று நான்கு விநாடி நன்றாக அழுத்தி 25க்குக் கொண்டுவாருங்கள், உடனே காலை முழுசாக எடுத்துவிடுங்கள். விடுகிற அந்த நேரத்தில்தான் டிஸ்க் ஆறுகிறது. லேசாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் ஆற நேரமே கிடைக்காது.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் இது இன்னும் முக்கியம். 'D'யில் விட்டுவிட்டால், நீங்கள் காலை எடுத்ததும் பல வண்டிகள் மேல் கியருக்குப் போய்விடும், பிடிப்பு இருக்காது. உங்கள் லீவரில் 'L', '2', 'S', 'M' இவற்றில் என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு, பக்கத்தில் உள்ள ஏதாவது மேம்பாலத்தில் ஒரு தடவை போட்டுப் பழகுங்கள். மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஊட்டியில் பேட்டரியை 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். இறக்கத்தில் மோட்டார் திருப்பிக் கொடுக்கும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடம் இருந்தால்தான் அந்தப் பிடிப்பு முழுசாகக் கிடைக்கும். இடம் இல்லையென்றால் வேலை மறுபடி பிரேக்குக்கே வந்துவிடும்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள், கண்டிப்பாகச் சொல்வார்கள். இது தப்பு. இன்றைய வண்டியை கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுற்றுவதால் எரிபொருள் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் ஐடிலில் ஓட எரிபொருள் குடிக்கும். என்ஜினை ஆஃப் செய்து இறங்குவது அதைவிட மோசம். பெடலை லேசாக்குகிற பூஸ்டருக்கு உறிஞ்சும் விசை என்ஜின் ஓடினால்தான் தொடர்ந்து கிடைக்கும். ஆஃப் ஆன பிறகு இரண்டு மூன்று அழுத்தலுக்கு மட்டும் மிச்சம் இருக்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் போய்விடும்.

இனி, கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், கோத்தகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் சென்னைப் பதிவெண் போட்ட ஒரு ஆட்டோமேட்டிக் கார். மேலே கேரியரில் பெட்டிகள், உள்ளே ஐந்து பேர். நான்கைந்து கிலோமீட்டருக்கு அதன் பிரேக் விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை. பிறகு வாடை வந்தது. கருகிய ரப்பரும் தார்ப்பாயும் சேர்ந்து எரிவது மாதிரி ஒரு காரமான வாடை, என் வண்டிக்குள்ளேயே வந்தது. ஹார்ன் அடித்து, கையைக் காட்டி, ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்த வைத்தேன். முன் இடது சக்கரத்திலிருந்து மெல்லிய நீலப் புகை. ஒரு அடி தள்ளிக் கையை வைத்தாலே அடுப்பு மாதிரி இருந்தது.

ஓட்டிய தம்பி இறங்கினதும் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டார். "ஊத்திரட்டுங்களாண்ணா?" என்றார். "வேண்டாங்க தம்பி, ஊத்துனா டிஸ்க் கோணிக்கும், வெடிச்சாலும் வெடிக்கும். சும்மா விடுங்க, தானா ஆறட்டும்" என்றேன். ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். கொதிக்கிற பின் சக்கர பிரேக்கைச் சேர்த்து இறுக்கி வைத்தால் ஒட்டிக்கொள்ளலாம், ஆற ஆறப் பிடி தளர்ந்து வண்டி நகரவும் செய்யலாம். 'P'யில் போட்டு, இரண்டு பின் சக்கரத்துக்கும் கீழ்ப்பக்கமாகக் கல் வைத்தோம். கடைசி ஒரு கிலோமீட்டரில் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பெடல் எப்பவும் போலத்தான் இருந்துச்சு, ஆனா முன்ன மாதிரி நிக்கலண்ணா, ரொம்ப அழுத்த வேண்டியிருந்துச்சு" என்றார்.

அவர் சொன்ன அந்த அறிகுறியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, அழுத்தினால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்றால், பிரேக் பேட் அளவுக்கு மேல் சூடாகி டிஸ்கைப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று அர்த்தம். இது முதல் கட்டம். நிறுத்தி ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். இரண்டாவது கட்டம் வேறு மாதிரி. பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று இறங்கும், சில சமயம் தரை வரை போகும். சூடு பேடைத் தாண்டி பிரேக் ஆயிலுக்குப் போய், ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகியிருக்கிறது. ஆயிலை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும், ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும்.

பழைய பிரேக் ஆயில் இங்கேதான் வினையாகிறது. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கடைசியாக மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், கிளம்புவதற்கு முன் மாற்றிவிடுங்கள். பேடின் கனத்தையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஹைவே ஓட்டத்தில் இந்த ஆயில் எவ்வளவு கெட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

அந்தக் கார் முக்கால் மணி நேரம் நின்றது. பிறகு பெடலை அழுத்திப் பார்த்து, மெத்தென்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு, லீவரை 'L'இல் போடச் சொன்னேன். "இவ்ளோ சத்தம் போடுதேண்ணா" என்று தயங்கினார். நான் முன்னால் மெதுவாகப் போக, அவர் பின்னால் வந்தார். மேட்டுப்பாளையம் பக்கம் வரும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன், வளைவுகளில் மட்டும்தான் அவர் வண்டியின் மூக்கு தாழ்ந்தது. கீழே இறங்கியதும் நேராக ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பி வைத்தேன், ஏனென்றால் அவ்வளவு சூடேறிய பேடையும் ஆயிலையும் பார்க்காமல் அப்படியே ஹைவே ஏறக் கூடாது.

ஒருவேளை நடுவழியில் பெடல் முழுசாகவே இறங்கிவிட்டால், படபடவென்று நான்கைந்து தடவை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் சேரலாம். அதே சமயம் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். வேகத்தில் நேராக முதல் கியருக்குத் தள்ளினால் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். லீவர் ஹேண்ட் பிரேக் என்றால் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். ஹார்னும் ஹெட்லைட்டும் போட்டுக்கொண்டு மலைச்சுவர் பக்கம் ஒதுங்கிவிடுங்கள். அந்தப் பக்கத்து வடிகாலில் சக்கரத்தை இறக்கினால் கார் கெடும், உயிர் தப்பும். சாவியை மட்டும் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

சரி, இப்போது வளைவுகள். குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசிகள் உண்டு, எண் போட்ட பலகை இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்குதான்: வளைவுக்கு முன்னால் நேராக இருக்கும்போதே பிரேக், அங்கேயே கியர், அப்புறம்தான் ஸ்டியரிங். வளைவுக்குள் கிளட்சை மிதித்துக்கொண்டு உருளக் கூடாது. பார்வை முன் கண்ணாடியிலேயே நிற்க வேண்டாம், சாலை எங்கே திரும்பிப் போகிறதோ அங்கே பக்கத்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். கண் போகிற இடத்துக்குக் கை தானாகப் போகும்.

நாம் இடதுபுறம் ஓட்டுகிறோம் என்பதால், ஏறும்போது இடதுபக்கம் திரும்பும் கொண்டை ஊசிதான் உங்களுக்குக் கஷ்டம். உள்பக்கம் உங்களுடையது, அங்கே வளைவும் இறுக்கம், ஏற்றமும் செங்குத்து. முதல் கியருக்கு வந்துவிடுங்கள். எதிரே ஒன்றும் இல்லையென்றால் உள் ஓரத்தை உரசாமல் கொஞ்சம் அகலமாக எடுத்துத் திரும்புங்கள். முன்னால் பஸ் ஏறிக்கொண்டிருந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டாம், அது வளைவைத் தாண்டும்வரை கீழே நேரான இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டுக் காத்திருங்கள். ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தொங்கவிட்டால் பிரேக்குக்கு முன்னால் கிளட்ச் கருகும்.

இறங்கும்போது கவனிக்க வேண்டியது வலதுபக்கம் திரும்பும் கொண்டை ஊசி. அதன் உள்பக்கம் ஏறி வருகிற வண்டிக்குரியது. அது பஸ்ஸாக இருந்தால் அந்த இறுக்கத்தில் திரும்ப முடியாது, உங்கள் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வீசித்தான் திரும்பும். அது அடாவடி இல்லை, நீளமான வண்டிக்கு வேறு வழி கிடையாது. குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே ஹார்ன் அடித்து, பதில் ஹார்ன் கேட்டால் வளைவுக்கு 10, 15 மீட்டர் மேலேயே நின்றுவிடுங்கள். பஸ் வந்து, திரும்பி, உங்களைத் தாண்டிப் போன பிறகு இறங்கலாம். வளைவின் வாயில் போய் நின்றால் பஸ்ஸும் திரும்ப முடியாது, உங்களுக்குப் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்த பிறகு நீங்களும் ரிவர்ஸ் எடுக்க முடியாது.

மற்ற வளைவுகளில் ஹைவே பழக்கம் ஒன்று தானாக வரும். வளைவை நேராக்கிக்கொள்ள நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வெட்டிப் போவது. பள்ளத்தைப் பார்த்துப் பயந்து நடுவுக்கு நகர்வதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து நடுக்கோடுதான். அதை உங்கள் வலது பக்கத்தில் வைத்துக்கொள்வதில் கவனம் வையுங்கள். வேகத்தைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்க முடிய வேண்டும், ஏனென்றால் எதிரே வருபவருக்கும் மீதிப் பாதி தேவை. காய்ந்த சாலையில் 40இல் போனால், பார்த்துக் கால் வைக்கும் நேரத்தையும் சேர்த்து நிற்க சுமார் 20 மீட்டர் ஆகும். 60இல் அது 37 ஆகிவிடும். பல வளைவுகளில் முன்னால் தெரிவதே 40 மீட்டர்தான். மழையோ மூடுபனியோ இருந்தால் இன்னும் குறையுங்கள். பனியில் டிம் விளக்கு போடுங்கள், பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

பயணத் திட்டத்துக்கு இரண்டு விஷயம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, கிளம்புவதற்கு முன் அரசின் இ-பாஸ் இணையப் பக்கத்தில் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கோடை சீசனில் பெரும்பாலும் குன்னூர் வழி ஏற்றத்துக்கும் கோத்தகிரி வழி இறக்கத்துக்கும் என்று போலீஸ் பிரித்துவிடுவார்கள், அதனால் திரும்பும் வழியும் புதிதாகத்தான் இருக்கும். மேப் குறுக்கு வழி என்று மசினகுடி பக்கம் இறங்கும் கல்லட்டி பாதையைக் காட்டினால் போகாதீர்கள். 36 கொண்டை ஊசிகள், சரிவும் மிகச் செங்குத்து, முதல் தடவைக்கான இடமே இல்லை.

திரும்பும் நாளில் மதிய சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்குள் கோத்தகிரியைத் தாண்டிவிடுங்கள். குஞ்சப்பனை பக்கம் மாலையில் யானை சாலைக்கு வரும், பலாப்பழ காலத்தில் இன்னும் அதிகம். வந்தால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், அது போனபிறகு போகலாம். பாதி வழியில் ஒரு தடவை ஓரமாக நிறுத்தி டீ குடிக்கும்போது, முன் சக்கரத்தைத் தொடாமல் பக்கத்தில் மட்டும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் கியர் வேலை செய்திருக்கிறது. கை வைக்க முடியாமல் அனல் அடித்தால் இன்னொரு டீ சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள், அங்கிருந்து ஒரு கியர் குறைத்து இறங்குங்கள்.